காண்ட் பட்டைகளை இழுத்து நிறுத்தாமல் எண்ணால் நிறுத்துங்கள்

கேள்வி: எட்டு வாரத் திட்டம் ஒன்றை, ஒவ்வொரு பணியும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைப் பட்டையால் காட்டும் காண்ட் வரைபடமாக, பவர்பாயிண்டில் ஒரே ஸ்லைடில் காட்ட வேண்டும். அட்டவணையின் கட்டங்களுக்கு வண்ணம் பூசினால் வாரத்தின் நடுவில் தொடங்கும் பணியைக் காட்ட முடியவில்லை. செவ்வகங்களை வரைந்து வைத்தால் தேதியோடு பொருந்தாமல் முன்பின்னாக நிற்கின்றன. எது சரியான வழி?

பதில்: இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். அட்டவணை காலக்கோடுகளை மட்டும் தாங்கட்டும். பணிகளை அதன்மேல் வைக்கும் செவ்வகங்கள் காட்டட்டும். எல்லாப் பணிகளும் திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிபவை என்றால் மட்டுமே கட்டங்களுக்கு வண்ணம் பூசுவது போதும். நாள் கணக்கு வந்துவிட்டால் கட்டங்களைப் பிளக்க ஆரம்பிப்பீர்கள்; அதன்பின் ஒரு தேதி மாறினாலும் அட்டவணையையே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

செவ்வகங்கள் பொருந்தாததற்குக் காரணம், அவற்றைச் சுட்டியால் இழுத்துக் கண்ணளவில் நிறுத்துவதுதான். அட்டவணையில் ஒரு வாரத்தின் அகலத்தை எளிதாக வகுபடும் எண்ணாகத் தேர்ந்துகொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அகலத்திரை ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம் கொண்டது. பணியின் பெயருக்கு 7.2 செ.மீ., ஒவ்வொரு வாரத்துக்கும் 3 செ.மீ. என்று `Layout` தாவலில் நெடுவரிசைகளின் அகலத்தைத் தட்டச்சு செய்யுங்கள். மொத்தம் 31.2 செ.மீ. வரும். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்பதால் ஒரு நாள் 0.6 செ.மீ. ஆகிறது. அட்டவணையின் இடது விளிம்பை 1.4 செ.மீட்டரில் வைத்தால் முதல் வாரத்தின் திங்கட்கிழமை 8.6 செ.மீட்டரில் தொடங்கும்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை தொடங்கி எட்டு வேலைநாள் நடக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் கழிந்தவை இரண்டு முழு வாரங்களும் இரண்டு நாட்களும், அதாவது பன்னிரண்டு நாட்கள். 12 × 0.6 = 7.2, அதோடு 8.6ஐக் கூட்டினால் 15.8. செவ்வகத்தை வலச்சொடுக்கி `Format Shape` பலகத்தைத் திறந்து, `Horizontal position` பெட்டியில் 15.8 செ.மீ. என்றும், `Width` பெட்டியில் 8 × 0.6 = 4.8 செ.மீ. என்றும் கொடுங்கள். பட்டை 20.6 செ.மீட்டரில் முடியும். நான்காம் வாரத்தின் கடைசிக் கோடும் சரியாக அங்கேதான் இருக்கிறது. வெள்ளியன்று முடியும் பணி அப்படித்தான் நிற்க வேண்டும். முனை மழுங்கிய செவ்வகம் வேண்டாம், அதன் வளைவு முடிவு நாளை மங்கலாக்கிவிடும். வெளிக்கோட்டையும் நீக்கிவிடுங்கள்.

உயரத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வரிசை உயரத்தை 1.2 செ.மீ. என்று கொடுங்கள். அதைவிடக் குறைக்கும்போது ஓர் அளவுக்குக் கீழே அது இறங்க மறுத்தால், காலிக் கட்டங்களைப் பாருங்கள். எழுத்து எதுவும் இல்லாவிட்டாலும் அவற்றில் 18 புள்ளி எழுத்தளவு அப்படியே இருக்கும். அந்த எழுத்தும் மேல்கீழ் ஓரமும் சேர்ந்த உயரத்துக்குக் கீழே வரிசை இறங்காது. அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 12 ஆக்குங்கள்.

இன்னொரு தொல்லை இதைவிடப் பெரியது. பவர்பாயிண்டில் அட்டவணையை வடிவங்களோடு சேர்த்துக் குழுவாக்க முடியாது. ஒரு பணியின் பெயர் நீண்டு இரண்டாம் வரிக்குப் போனால் அந்த வரிசை உயர்ந்து, கீழுள்ள வரிசைகள் எல்லாம் இறங்கும். பட்டைகளோ இருந்த இடத்திலேயே நிற்கும். பார்ப்பவருக்கு ஒரு பணியின் பட்டை இன்னொரு பணிக்கு உரியதாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தலைப்பு வரிசையும் எட்டுப் பணிகளும் சேர்ந்து ஒன்பது வரிசை என்றால் அட்டவணையின் உயரம் 10.8 செ.மீ. இருக்க வேண்டும். `Layout` தாவலில் அந்த எண் கூடியிருந்தால் எங்கோ ஒரு பெயர் மடிந்திருக்கிறது. பெயரைச் சுருக்கியபின் வரிசை உயரத்தை மீண்டும் 1.2 என்று தட்டச்சு செய்யுங்கள். வளர்ந்த வரிசை தானாகச் சுருங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கடைசியாக, தாமதம். ஒரு பணி இரண்டு நாள் தள்ளிப்போய், அதைத் தொடர்ந்த மூன்று பணிகளும் நகர வேண்டும் என்று வையுங்கள். நான்கு பட்டைகளையும் தேர்ந்தெடுத்து அப்படியே இட எண்ணை மாற்றினால் நான்கும் ஒரே இடத்தில் தொடங்கும்படி குவிந்துவிடும். முதலில் `Ctrl+G` அழுத்திக் குழுவாக்குங்கள். குழுவின் இட எண் அதன் இடது விளிம்பைக் குறிக்கும், அதோடு 1.2 செ.மீட்டரைக் கூட்டிக் கொடுத்தால் நான்கும் தத்தம் இடைவெளி மாறாமல் நகரும். பிறகு `Ctrl+Shift+G` அழுத்திப் பிரித்துவிடுங்கள். தாமதமான பணிக்கே கூடுதல் நாள் பிடிக்கிறது என்றால் அதைக் குழுவில் சேர்க்காமல், அகலத்தை மட்டும் 1.2 கூட்டுங்கள்.