தேர்வறைப் பணியை மாற்றிக்கொள்வது: ஆசிரியர்கள் கேட்டவை

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சக ஆசிரியையும் நானும் பேசி, தேர்வறைக் கண்காணிப்பு நாட்களை மாற்றிக்கொண்டோம். பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். இது போதாதா?

போதாது. தேர்வுக்கு முன்பு தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு ஒட்டும் கண்காணிப்புப் பட்டியல்தான் உத்தரவு. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அந்த அறைக்குப் பொறுப்பு. விடைத்தாள் ஒன்று குறைந்தாலும், மாணவன் ஒருவன் துண்டுச்சீட்டோடு பிடிபட்டாலும், விளக்கம் கேட்டு வரும் கடிதம் பட்டியலில் உள்ளவருக்குத்தான் வரும். குழுவில் போட்ட செய்திக்கு யாரும் "அனுமதித்தேன்" என்று கையெழுத்துப் போடவில்லையே.

கடிதத்தை எப்படி எழுதுவது? ஆளுக்கொன்றா, சேர்த்து ஒன்றா?

சேர்த்து ஒன்றே நல்லது. தனித்தனியாக எழுதினால் ஒரு கடிதம் கோப்பில் சேரும், இன்னொன்று மேசையிலேயே கிடக்கும். பாதி மாற்றம் மட்டும் பதிவாகி, ஒரே அறைக்கு இருவர் வந்து நிற்பார்கள், அல்லது ஒருவரும் வரமாட்டார்கள்.

பொருளில் வெறுமனே "பணி மாறுதல்" என்று எழுதாதீர்கள். நம் துறையில் அந்தச் சொல் வேறு பள்ளிக்குப் போவதைக் குறிக்கும். இப்படி எழுதலாம்:

*பொருள்: அரையாண்டுத் தேர்வு – அறைக் கண்காணிப்புப் பணி – இருவருக்குள் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.*

*அம்மா, வணக்கம். 15.12.2025 திங்கள் முற்பகல் அறை எண் 4 எனக்கும் (தமிழாசிரியை), 18.12.2025 வியாழன் முற்பகல் அறை எண் 7 அறிவியல் ஆசிரியைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. திங்களன்று என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், திங்கள் பணியை அவரும் வியாழன் பணியை நானும் செய்ய இருவரும் சம்மதிக்கிறோம். அனுமதி அளிக்க வேண்டுகிறோம்.*

கீழே இருவர் கையெழுத்தும் தேதியும். தேதி, வேளை, அறை எண் மூன்றும் இரண்டு பக்கத்துக்கும் இருக்க வேண்டும். இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டதும் ஒன்று கோப்புக்கு, மற்றொன்று தேர்வுப் பொறுப்பாசிரியருக்கு. அவர் ஒட்டிய பட்டியலிலும் பெயரைத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காலையில் வினாத்தாள் கட்டும் விடைத்தாளும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கைக்கு வரும்.

இன்னொன்று. திங்களன்று நீங்கள் பள்ளிக்கே வரமாட்டீர்கள் என்றால் தற்செயல் விடுப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாற்றக் கடிதம் விடுப்புக் கடிதம் ஆகாது.

முறையாக எழுதிக் கொடுத்தும் எங்கள் தலைமை ஆசிரியர் மறுத்துவிட்டார். காரணமும் சொல்லவில்லை. கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் தேர்வு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். திங்களன்று 4ஆம் அறையில் நடப்பது அறிவியல் தேர்வு என்றால் அறிவியல் ஆசிரியையை அங்கே நிறுத்த மாட்டார்கள். பாட ஆசிரியர் அதே பாடத் தேர்வறையில் நிற்கக் கூடாது என்பதால்தான் முதலிலேயே தமிழாசிரியையைப் போட்டிருப்பார்கள். அப்படியானால் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அதே வேளையில் வேறு அறை இருக்கிறதா, அவர் பிள்ளை அந்த அறையில் எழுதுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு எழுதினால் மறுக்க அநேகமாக ஒன்றும் இருக்காது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் இதே கடிதம் செல்லுமா?

செல்லாது. அந்தப் பணிக்கு உங்களை நியமிப்பது முதன்மைக் கல்வி அலுவலகம். நீங்கள் போவதும் வேறு பள்ளியில் உள்ள மையத்துக்கு. உங்கள் தலைமை ஆசிரியரின் அனுமதியை வைத்துக்கொண்டு நீங்களாக வேறொருவரை அனுப்ப முடியாது. எந்த அறை என்பதும் அன்று காலை குலுக்கலில்தான் தெரியும். அதனால் மையத்தில் அறையை மாற்றிக்கொள்ளும் பேச்சும் வேண்டாம். உண்மையிலேயே போக முடியாத நிலை என்றால், மருத்துவச் சான்று போன்ற ஆதாரத்துடன் தலைமை ஆசிரியர் வழியாகவே விலக்குக் கேளுங்கள், மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கும் உடனே தெரிவியுங்கள். பதிலுக்கு யார் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

அனுமதி கிடைத்த பிறகு, என் இடத்தில் நிற்க வேண்டியவருக்கு அன்று காலை காய்ச்சல். இப்போது யார் பொறுப்பு?

அனுமதி எழுத்தில் இருந்தால் பொறுப்பு அவருடையது. அவரே தலைமை ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். செய்தி உங்கள் காதுக்கு முதலில் வந்தால் நீங்களும் உடனே அழைத்துச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளை நீங்களாகப் பிடித்து அனுப்பாதீர்கள். மாற்றுக்கு மாற்று என்று போனால் அறையில் நிற்பவர் யார் என்பதற்கு எழுத்தில் எதுவுமே இருக்காது. உதவி செய்ய வரும் அந்த மூன்றாமவர், வருகைத் தாளில் வேறொருவர் பெயருக்கு நேராகக் கையெழுத்திடவும் கூடாது. அறையில் இருந்தவர் தன் பெயரை எழுதித் தன் கையெழுத்தையே இட வேண்டும்.