"பாதி" என்று சொன்னால் போதாது: நெட்வொர்க் வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி

உங்கள் கடிதத்தில் இருந்த கேள்வி இதுதான்: "நெட்வொர்க் மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வில், செலக்டிவ் ரிப்பீட் முறையில் சாளரத்தின் அதிகபட்ச அளவு என்ன என்று கேட்டார்கள். வரிசை எண்களின் எண்ணிக்கையில் பாதி என்றேன். ஏன் பாதி என்றார்கள். சூத்திரத்தைத் திரும்பச் சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

செலக்டிவ் ரிப்பீட் என்பது தொலைந்த பாக்கெட்டை மட்டும் மறுபடி அனுப்பும் முறை. "வந்து சேர்ந்தது" என்று பெறுநர் அனுப்பும் பதில்தான் ஒப்புகை. அதற்குக் காத்திருக்காமல் அனுப்புநர் அனுப்பக்கூடிய எண்களின் வரம்பு அனுப்புநரின் சாளரம், பெறுநர் ஏற்கத் தயாராக இருக்கும் எண்களின் வரம்பு பெறுநரின் சாளரம். சூத்திரம் சரிதான். ஆனால் அவர்கள் கேட்டது சூத்திரத்தை அல்ல. சாளரம் பாதியைத் தாண்டினால் எது, எப்படி உடைகிறது என்று உங்களால் காட்ட முடியுமா என்பதைத்தான் கேட்டிருக்கிறார்கள். உடைத்துக் காட்டிவிட்டால் "பாதி" தானாகவே வந்து நிற்கும். அதனால் நாமும் உடைப்பதிலிருந்து தொடங்குவோம்.

வரிசை எண்ணுக்கு 3 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 7 வரை எட்டு எண்கள். ஒன்பதாவது பாக்கெட்டுக்கு மறுபடியும் 0, பத்தாவதற்கு 1. சாளரத்தின் அளவைப் பாதியைவிட ஒன்று கூட்டி 5 என்று வைப்போம். அனுப்புநர் ஒப்புகைக்குக் காத்திருக்காமல் ஐந்து பாக்கெட்டுகளை, அதாவது 0, 1, 2, 3, 4 எண்களை அனுப்புகிறார். ஐந்தும் பத்திரமாகச் சேர்கின்றன. பெறுநர் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை அனுப்பிவிட்டுத் தன் சாளரத்தை நகர்த்துகிறார். இனி அவர் எதிர்பார்ப்பது 5, 6, 7, 0, 1. இதில் கடைசி இரண்டும் ஒன்பதாவது, பத்தாவது பாக்கெட்டுகளுக்கான இடங்கள்.

இப்போது ஐந்து ஒப்புகைகளும் வழியில் தொலைந்துபோகின்றன. அனுப்புநருக்கு எதுவும் தெரியாது. நேரம் முடிந்ததும் பழைய ஐந்தையும் மறுபடி அனுப்புகிறார். 2, 3, 4 என்ற எண்களோடு வருபவை பெறுநரின் சாளரத்துக்கு வெளியே இருக்கின்றன. பழையவை என்று புரிந்துகொண்டு, ஒப்புகையை மட்டும் மறுபடி அனுப்பிவிட்டு அவற்றைத் தள்ளிவிடுகிறார். ஆனால் 0, 1 எண்களோடு வருபவை சாளரத்துக்குள் விழுகின்றன. எண்ணைத் தவிர அவரிடம் வேறு அடையாளம் இல்லை. முதலாவது பாக்கெட்டை ஒன்பதாவதாகவும், இரண்டாவதைப் பத்தாவதாகவும் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இதற்குப் பிறகு நடப்பதைப் பெரும்பாலான மாணவர்கள் சொல்வதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். இம்முறை ஒப்புகைகள் போய்ச் சேர்கின்றன. அனுப்புநர் மகிழ்ச்சியாக ஆறாவது முதல் பத்தாவது வரை அனுப்புகிறார். 5, 6, 7 சேர்ந்ததும், பெறுநர் ஏற்கெனவே வைத்திருந்த போலி 0, 1 இரண்டையும் சேர்த்து மேலே உள்ள செயலியிடம் ஒப்படைத்துவிட்டுச் சாளரத்தை 2-க்கு நகர்த்துகிறார். பிறகு உண்மையான ஒன்பதாவதும் பத்தாவதும் வருகின்றன. அவற்றின் எண்கள் இப்போது கடந்துபோன பகுதியில் இருப்பதால், "இவை பழையவை" என்று ஒப்புகை கொடுத்துத் தூக்கி எறிகிறார். இரு தரப்புக்கும் எல்லாம் ஒழுங்காக முடிந்ததாகவே தோன்றும். வழியில் பைட்டுகள் கெட்டனவா என்று பார்க்க உதவும் செக்சம்மும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சரியாகவே இருக்கும். கோப்பின் நீளம்கூட மாறாது. உள்ளே மட்டும் இரண்டு துண்டுகள் தவறானவை.

இங்கே இரண்டு துண்டுகள் கெட்டது தற்செயல் அல்ல. 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 10. இருப்பதோ 8 எண்கள். மிஞ்சும் 2 எண்கள் இரு சாளரங்களுக்கும் பொதுவாகிவிட்டன. சாளரம் 4 என்றால் அனுப்புநர் மறுபடி அனுப்பக்கூடியவை 0 முதல் 3 வரை, பெறுநர் எதிர்பார்ப்பவை 4 முதல் 7 வரை. எதுவும் மோதாது.

இது ஓர் உதாரணத்துக்கு மட்டும் பொருந்துமா, எப்போதும் பொருந்துமா என்று அடுத்து கேட்பார்கள். அதற்கு இப்படிச் சொல்லுங்கள். ஒப்புகை இல்லாமல் அனுப்புநர் நகர மாட்டார், ஆகவே பெறுநர் ஒருபோதும் பின்தங்குவதில்லை. அனுப்பாத பாக்கெட்டைப் பெற முடியாது, ஆகவே பெறுநர் ஒரு முழுச் சாளரத்துக்கு மேல் முந்தவும் முடியாது. மிக மோசமான நிலை, சரியாக ஒரு சாளரம் முந்தியிருப்பது. மேலே எல்லா ஒப்புகைகளும் தொலைந்தபோது வந்தது அந்த நிலைதான். அப்போது பழைய பாக்கெட்டுகளுக்கு ஒரு சாளர அளவும் புதியவற்றுக்கு ஒரு சாளர அளவும் தனித்தனி எண்கள் வேண்டும். வரிசை எண்ணுக்கு k பிட், ஆகவே எண்கள் மொத்தம் 2ᵏ என்றால் சாளரம் 2ᵏ⁻¹-க்கு மேல் போக முடியாது.

"பழையவை என்று சந்தேகம் வந்தால் பேசாமல் விட்டுவிடலாமே, அவற்றுக்கு எதற்குத் தனி எண்?" என்று மடக்கிக் கேட்கலாம். விட்டுவிட்டால், ஒப்புகை கிடைக்காத அனுப்புநர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். பழையது என்று அடையாளம் கண்டு, அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று தொலைந்தால் அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும் கோ-பேக்-என் முறையில் 3 பிட்டுக்கு 7 வரை போகலாமே, இங்கே மட்டும் ஏன் 4 என்பது இன்னொரு வழக்கமான கேள்வி. அங்கே பெறுநர் ஒரே ஒரு பாக்கெட்டை மட்டுமே எதிர்பார்ப்பார். 7-ம் 1-ம் சேர்ந்து 8. உண்மையான விதி, இரு சாளரங்களின் கூட்டுத்தொகை எண்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்பதே. இரண்டும் சமமாக இருக்கும்போது அது "பாதி" ஆகிறது. அனுப்புநருக்கு 5, பெறுநருக்கு 3 என்று வைத்தாலும் 8 எண்களில் தப்பிவிடலாம். பாதி என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார்.

தேர்வுக்கு முன் இதைச் சிறிய நிரலாக எழுதிப் பாருங்கள். ஒரு பாக்கெட்டுக்கு 1000 பைட், சாளரம் 5, முதல் ஐந்து ஒப்புகைகளையும் வேண்டுமென்றே விழுங்கிவிடுங்கள். பெற்ற கோப்பை மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள்:

```
cmp original.bin received.bin
```

மூலக் கோப்பில் தற்போக்கான பைட்டுகள் இருந்தால், முதல் வேறுபாடு 8001-ஆவது பைட்டிலோ அதையொட்டியோ தெரியும். 10001-லிருந்து மறுபடி எல்லாம் சரியாகிவிடும். ஓர் எச்சரிக்கை: வரிசை எண்ணை 8-ஆல் வகுத்த மீதியாக எழுதாமல் சாதாரண முழு எண்ணாக வளரவிட்டால் பிழை தலைகாட்டவே காட்டாது. நிரல் சரியாக ஓடுவதைப் பார்த்து, சாளரம் 5 இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கடைசியாக, இந்த வாதம் எங்கே நிற்காது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பாக்கெட்டுகள் தொலையலாம், ஆனால் முந்திப் பிந்தி வராது என்று நாம் சொல்லாமலே எடுத்துக்கொண்டோம். ஒற்றை இணைப்பில் அது நியாயம். பல ரௌட்டர்களைக் கடக்கும் பாதையில், எங்கோ தேங்கிக் கிடந்த பழைய பிரதி ஒன்று எண்கள் ஒரு சுற்று முடிந்த பிறகு வந்து சேரலாம். அப்போது பாதி என்ற வரம்பு காப்பாற்றாது. இணையத்தில் தரவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையில் வரிசை எண் 32 பிட், அதுவும் பைட்டுகளை எண்ணுவது. சாளரத்தைப் பெரிதாக்க வழி சொல்லும் 2014-ஆம் ஆண்டின் RFC 7323 ஆவணம், அதை 2³⁰ பைட்டுக்குள் நிறுத்துகிறது. வேகமான இணைப்பில் எண்கள் சீக்கிரம் சுற்றி வந்துவிடும் என்பதால், பழைய பிரதிகளை இனம்காண நேரமுத்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.