லூபஸ்: மூட்டு வலிக்கு ஏன் சிறுநீர்ச் சோதனை?

"தங்கைக்கு லூபஸ். மூட்டு வலி மட்டும்தான். டாக்டர் ஏன் மாதாமாதம் சிறுநீர் பார்க்கச் சொல்கிறார்? உடம்பு தன் செல்லின் கருவையே ஏன் எதிர்க்கிறது?"

செல்கள் தினமும் சாகின்றன. விழுங்கு செல்கள் அவற்றை உடனே அகற்றிவிடும். நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்கும் லூபஸில் இந்தத் துப்புரவு தாமதமாகிறது. செத்த செல் உடைந்து, உள்ளே மறைந்திருந்த டி.என்.ஏ. வெளியே வருகிறது. வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் அதே உணரிகள் இதையும் பிடித்துக்கொள்ள, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கிறது. பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் டி.என்.ஏ.வுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கின்றன.

டி.என்.ஏ.வும் ஆன்டிபாடியும் ஒட்டிய கூட்டுகள் சிறுநீரக வடிகட்டியில் படிகின்றன. சில அங்கேயே உருவாகின்றன. அங்கே, கிருமிகளை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்பட்டு, வெள்ளணுக்கள் வந்து சுவரைச் சிதைக்கின்றன, புரதம் ஒழுகுகிறது. காம்ப்ளிமென்ட் செலவாவதால்தான் ரத்தத்தில் அதன் வகைகளான சி3, சி4 குறைகின்றன. மூட்டுச் சவ்விலும் இதே அழற்சிதான். ஆனால் முடக்குவாதம் போல எலும்பை அரிப்பது அரிது.

மூட்டு வலிக்கும், சிறுநீரகம் வலிக்காது. அதனால்தான் இந்தச் சோதனை. சிறுநீர் நுரைத்தாலோ, காலையில் கண்ணிமை வீங்கினாலோ அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் அளவைக் காட்டும் புரத-கிரியேட்டினின் விகிதம் 0.5-ஐத் தாண்டி நீடித்தால் பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி கேட்பார்கள். தயங்க வேண்டாம், எந்த வகைப் பாதிப்பு என்று அதில்தான் தெரியும், மருந்தும் அதைப் பொறுத்ததே.