பொங்கல் முதல் கார்த்திகை வரை ஒரே அலங்காரப் பொருள்களை எப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது?

"ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுசா அலங்காரம் வாங்கிக் கட்டுப்படி ஆகலை. எல்லாத்துக்கும் பொதுவா எதை வாங்கி வைக்கலாம்?"

ஜரிகைக் கரை போட்ட 8 முழ வேட்டி ஒன்று, ஒரு திரைக்கம்பி, ஒரு பித்தளை உருளி. எங்கள் வீட்டில் இவ்வளவுதான் அடிப்படை. வேட்டி பளீர் வெள்ளையாக வேண்டாம், சந்தன வெள்ளையாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கொளியில் அதுதான் பூக்களோடு ஒட்டும்.

வேட்டி ஏறக்குறைய 12 அடி நீளம், 4 அடி அகலம் இருக்கும். கம்பியில் பாதியாக மடித்துத் தொங்கவிட்டால் 6 அடி உயரத் திரை. இரட்டைத் துணி என்பதால் பின்சுவர் தெரியாது. கரை இரண்டு பக்கமும் தூண் போல இறங்கும். பொங்கலுக்கு அந்தக் கரையோரம் கரும்பும் மஞ்சள் கொத்தும், விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் குடையும், தீபாவளிக்குச் சாமந்திச் சரம். நவராத்திரிக்கு மடிப்பைப் பிரித்துக் கொலுப்படியில் விரித்துவிடுவோம். படி ஒன்றுக்கு உயரமும் ஆழமும் சேர்த்து ஒன்றரை அடி என்றால் ஐந்து படிக்கு ஏழரை அடிதான், மிச்சத்தைப் பின்னால் மடித்துவிடலாம். படி 4 அடிக்கு மேல் அகலமாக இருந்தால் மட்டும் இது போதாது.

கார்த்திகைக்குத் துணியைக் கழற்றிவிடுங்கள், அகல் விளக்கருகே பருத்தித் துணி ஆபத்து. அன்றைக்கு உருளி மட்டும் போதும்.

மஞ்சள் கறை பட்டால் சோப்பு போட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். உருளியில் தண்ணீரை நாள்கணக்கில் விட்டால் பச்சை பிடிக்கும், அப்புறம் புளியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.