வாங்கும் கம்பெனியின் போர்ட்டல் திருப்பி அனுப்பும் பில்களும் பி.ஓ. எனும் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணும்: கேள்வி பதில்

ஓசூர், உதிரிபாக யூனிட்: பில்லில் பி.ஓ. எண் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் "பி.ஓ. ரெஃபரன்ஸ் இல்லை" என்று திரும்புகிறதே, ஏன்?

அச்சில் இருப்பதை மனிதர்தான் படிப்பார். போர்ட்டல் பெரும்பாலும் நீங்கள் கட்டத்தில் தட்டியதைத்தான் பார்க்கிறது. வாங்குபவரின் எண் 4500071832 என்றால் அந்தப் பத்து இலக்கம் மட்டுமே போக வேண்டும். "PO-4500071832" என்றோ, பின்னால் தேதி சேர்த்தோ, காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்ட இடைவெளியோடோ போனால் அப்படி ஒரு பி.ஓ.வே இல்லை என்று முடிவு செய்துவிடும்.

எண் சரியாக இருந்தாலும் பி.ஓ.வில் பொருள் இருக்கும் வரியின் எண்ணில் மாட்டும். எஸ்.ஏ.பி. மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிகளில் பி.ஓ. வரிகள் வழக்கமாக 10, 20, 30 என்று போகும். நாம் 1, 2 என்று போடுவோம். ஒரு புஷ் சப்ளையில் இப்படித்தான் மூன்று முறை திரும்பியது. பி.ஓ.வில் வரி 10 வேறொரு அளவு புஷ், நாங்கள் அனுப்பிய 500 உருப்படி வரி 20. முதல் முறை வரி 2 என்று போட்டோம், இல்லை என்றது. அடுத்து 10 போட்டோம், விலை பொருந்தவில்லை என்றது. பிறகு 20 போட்டோம். 480 உருப்படிக்குத்தான் சரக்கு வரவுப் பதிவான ஜி.ஆர்.என். இருந்தது, 20 உருப்படி தரச் சோதனையில் நின்றிருந்தது. அதனால் இன்னொரு முறை திரும்பியது. ஆக, செய்தி மாறினால் ஒரு படி முன்னேறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதே செய்தியே வந்தால் எண்ணை மறுபடி கையால் தட்டிப் பாருங்கள்.

கோவை, ஃபவுண்டரி கணக்காளர்: இ-இன்வாய்ஸ் பதிவு எண்ணான ஐ.ஆர்.என். எடுத்த பில்லில் பி.ஓ. எண் விட்டுப்போனது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து, அதே பில் எண்ணில் மறுபடி எடுத்தால் சரிதானே?

24 மணி நேரம் என்பது சரி. அதே எண் என்பது நடக்காது. ரத்தான எண்ணுக்கு மறுபடி ஐ.ஆர்.என். கிடைக்காது, புது எண் வேண்டும். இ-வே பில் உயிரோடு இருந்தால் ஐ.ஆர்.என். ரத்தும் ஆகாது. லாரி வழியில் இருக்கும்போது அதில் கைவைக்காதீர்கள்.

உண்மையில் ரத்தே தேவையில்லை என்பது என் கருத்து. ஜி.எஸ்.டி. விதிகளில் பி.ஓ. எண் கட்டாய விவரம் இல்லை. கியூ.ஆர். கோடுக்குள்ளும் அது கிடையாது. அதனால் அதே பில்லில் பி.ஓ. எண்ணைச் சேர்த்து, அதே ஐ.ஆர்.என்., அதே கியூ.ஆர். கோடோடு மறுபடி அச்செடுத்து ஏற்றுங்கள். தொகை, தேதி எதுவும் மாறக் கூடாது. அடுத்த பில்லிலிருந்து மென்பொருள் இதை அனுப்புகிறதா என்று பாருங்கள்:

```json
"RefDtls": {
  "ContrDtls": [
    { "PORefr": "4500071832",
      "PORefDt": "12/06/2025" }
  ]
}
```

இடையில் ஒருவர்: நான் வாங்கும் கம்பெனியில் பில் பாஸ் செய்பவன். நாங்கள் பி.டி.எஃப். பார்ப்பதில்லை. இ-இன்வாய்ஸின் கையொப்பமிட்ட ஜேசன் ஃபைலைத்தான் எடுக்கிறோம். அதில் எண் இல்லையென்றால் நீங்கள் புது அச்சு ஏற்றியும் பலனில்லை.

சரியான விஷயம் சார், நான் அந்த வகை போர்ட்டலில் வேலை செய்ததில்லை. அப்படியென்றால் உங்கள் பக்கம் ஒருவர் கையால் பி.ஓ.வோடு இணைக்க வழி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ரத்து, புது எண் என்றுதான் போக வேண்டும்.

திருப்பூர், பேக்கிங் அட்டை சப்ளையர்: மேலாளர் வாட்ஸ்அப்பில் அவசரம் என்றார், சரக்கு போய்விட்டது. பி.ஓ. வரவே இல்லை. பழைய பி.ஓ. எண்ணைப் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. நான் ஒரு முறை போட்டேன். பில் பாஸாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பழைய ஆர்டரின் மீதிச் சரக்கு போனபோது, பி.ஓ.வில் அளவு தீர்ந்துவிட்டது என்று அந்தப் பில் நின்றது. இரண்டையும் பிரித்துச் சரிசெய்ய ஒரு காலாண்டு ஆனது.

வாட்ஸ்அப் செய்தி, கையெழுத்தான சலான், கேட் என்ட்ரி எண் மூன்றையும் ஒரே மெயிலில் மேலாளருக்கும் பர்ச்சேஸ் பிரிவுக்கும் அனுப்பி, சரக்கு போன பிறகான தேதியிலாவது பி.ஓ. கேளுங்கள். பி.ஓ. இல்லாமல் அவர்களால் ஜி.ஆர்.என். போட முடியாது என்பதால் ஸ்டோர்ஸும் உங்களுக்காகத் தள்ளும். பில் தேதியை மட்டும் மாற்றாதீர்கள், அது சரக்கு கிளம்பிய நாள். பி.ஓ. தேதி பில்லுக்குப் பிந்தியிருப்பதைச் சில போர்ட்டல் ஏற்காது. அப்போது விதிவிலக்கு ஒப்புதல் அவர்கள் பக்கம்தான் வாங்க வேண்டும்.

ஈரோடு: அப்போ எம்.எஸ்.எம்.இ. சப்ளையருக்குப் பணம் தர வேண்டிய 45 நாள், போர்ட்டல் பில்லை ஏற்ற நாளிலிருந்துதானே?

இல்லைங்க, சரக்கை ஏற்ற நாளிலிருந்து. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் 45 வரை போகலாம், இல்லாவிட்டால் 15. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அது தீர்ந்த நாளிலிருந்து கணக்கு. பி.ஓ. எண் இல்லை என்ற போர்ட்டல் செய்தி அப்படி ஒரு ஆட்சேபமா என்பதில் எங்கள் ஆடிட்டரும் வாங்குபவரின் ஆடிட்டரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதனால் நிராகரிப்புத் திரையை அன்றன்றே தேதியோடு எடுத்து வைத்துக்கொள்கிறேன்.