வீடியோவில் "ஆக்சிடென்ட் ஆகாத வண்டி" என்று சொல்லலாமா?

கேள்வி: ஈரோட்டில் கார் கன்சல்டிங் நடத்துகிறேன். வண்டியைச் சோதித்த விவரம், பேப்பர் எல்லாவற்றையும் திறந்து காட்டி வீடியோ போடப் போகிறேன். முதல் வண்டி 2017 ஸ்விஃப்ட். ஸ்கிரிப்ட் இது: "ஆக்சிடென்ட் ஆகாத வண்டி, கிலோமீட்டர் கேரண்டி, லோன் முடிந்தது, பேப்பர் பக்கா." முன் இடது ஃபெண்டர் ரீபெயின்ட் ஆகியிருக்கிறது. பேங்க் என்.ஓ.சி. கையில் இருக்கிறது, ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவான எச்.பி. இன்னும் நீங்கவில்லை. கடைசியில் "வாங்குபவர் சரிபார்த்துக்கொள்ளவும்" என்று சின்ன எழுத்தில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. வீடியோவில் நீங்கள் சொல்வதை நம்பித்தான் ஒருவர் பணம் கட்டுகிறார். நாளைக்கு வழக்கு வந்தால் அவருடைய முதல் சான்று அந்த வீடியோதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28)-இன்படி பொய்யான விவரம், பொய்யான கேரண்டி மட்டுமல்ல, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம்தான். சின்ன எழுத்து வாசகம் அதைச் சரிசெய்யாது. விளம்பரங்களுக்கான 2022 வழிகாட்டு நெறிகளும், தவறான கூற்றை அடிக்குறிப்பால் திருத்த முடியாது என்றே சொல்கின்றன.

"ஆக்சிடென்ட் ஆகாத வண்டி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். வண்டி உங்கள் யார்டுக்கு வருவதற்கு முன் என்ன நடந்தது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியாது. பார்த்ததைச் சொல்ல முடியும். பெயின்ட் தடிமன் மீட்டரை கேமரா முன்பே ஒவ்வொரு பேனலிலும் வையுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். அந்த ஃபெண்டர் 300-ஐத் தாண்டினால், எண் தெரியும்படி நிறுத்திக் காட்டுங்கள். அடுத்து பானெட்டைத் திறந்து, ஃபெண்டருக்கு உள்பக்கத் தகடான ஏப்ரனில் கம்பெனி ஸ்பாட் வெல்டு அப்படியே இருக்கிறதா, ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று அருகில் காட்டுங்கள். தோல் மட்டும் மாறியதா, எலும்பும் அடிபட்டதா என்று வாங்குபவருக்குப் புரிவது இங்கேதான். வரி இப்படி இருக்கட்டும்: "முன் இடது ஃபெண்டர் ரீபெயின்ட் ஆகியிருக்கிறது. ஏப்ரன், பில்லர், சேஸிஸில் வெல்டிங் செய்த தடம் இன்றைய சோதனையில் எங்களுக்குத் தெரியவில்லை." தேதியையும் சோதித்த மெக்கானிக் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிலோமீட்டருக்கும் கேரண்டி வேண்டாம். மீட்டரையும், கம்பெனி சர்வீஸ் சென்டர் பதிவில் கடைசியாக உள்ள கிலோமீட்டரையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். அதற்குப் பின் வெளியே சர்வீஸ் விட்டிருந்தால், "இந்தத் தேதிக்குப் பிறகு பதிவு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி பல வழக்குகளை வாசலிலேயே நிறுத்தும்.

"லோன் முடிந்தது, பேப்பர் பக்கா" என்பதுதான் ஸ்கிரிப்டில் ஆபத்தான இடம். கடன் அடைந்திருக்கலாம். ஆனால் படிவம் 35-ஐயும் என்.ஓ.சி.யையும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து எச்.பி. நீக்கும் வரை ஆர்.சி.யில் பேங்க் பெயர்தான் நிற்கும். என்.ஓ.சி. தேதியையும் பாருங்கள், பழையதாகிவிட்டால் பேங்கில் புதிதாக வாங்க வேண்டிவரும். முடிந்தால் நீக்கிவிட்டே வீடியோ எடுங்கள். இல்லாவிட்டால், "எச்.பி. இன்னும் நீங்கவில்லை, எங்கள் செலவில் நீக்கித் தருவோம்" என்று சொல்லி, அதையே விற்பனை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். இன்சூரன்ஸிலும் கவனம் வேண்டும். மூன்றாம் நபர் காப்பு புது உரிமையாளருக்குத் தானாக மாறும், சொந்தச் சேதக் காப்பு அப்படி மாறாது. பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது.

பேப்பரைத் திறந்து காட்டுவது என்றால் எல்லா எழுத்தையும் காட்டுவது அல்ல. ஆர்.சி.யில் இருப்பது இன்னொருவரின் பெயர், முகவரி. அவற்றையும் சேஸிஸ், இன்ஜின் எண்களையும் மறைத்துவிடுங்கள். திருட்டு வண்டிக்கு நல்ல வண்டியின் எண்ணைப் போடுபவர்களுக்கு அதுதான் தேவை. பதிவு ஆண்டு, எத்தனையாவது ஓனர், எச்.பி., இன்சூரன்ஸ் முடியும் தேதி தெரிந்தால் போதும். நேரில் வருபவரிடம் அசலையே கையில் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்பவர் படிவம் 29ஏ-வில் விண்ணப்பித்து அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை உங்களிடம் விட்டதைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு சட்டத்தின் கண்ணில் பொறுப்பு உங்களுடையது. 2018-இல் நவீன் குமார் வழக்கில், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களிடம் வண்டி விடும் மனிதரின் பயமே இதுதான். அங்கீகாரச் சான்றையும் 29சி ஒப்புகையையும் வீடியோவில் காட்டினால், வாங்குபவரைப் போலவே விற்பவரும் உங்களிடம் வருவார்.

எடிட் செய்யாத மூல வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் புகாருக்கு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விற்ற தேதியிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டாவது அது உங்களிடம் இருக்கட்டும்.