மிக்சர் கடைக்கு லெட்ஜர் பட்டியல்: எத்தனை தலைப்பு, என்ன எண்?

திருச்சியிலிருந்து ஒருவர்: அக்கா, முறுக்கு, மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வீட்டு வாசலிலேயே சில்லறை விற்பனையும் உண்டு. ஜிஎஸ்டி எடுத்தாச்சு, டாலி வாங்கியாச்சு. என்னென்ன லெட்ஜர் திறக்கணும், எண் எப்படிக் கொடுக்கணும்?

டாலியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். மாதக் கடைசியில் உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். எண்ணெய்க்கு எவ்வளவு போகிறது? எந்தெந்தக் கடையிலிருந்து பணம் வர வேண்டும்? வரி எவ்வளவு கட்ட வேண்டும்? வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுத்தேன்? இப்படி ஒரு கேள்விக்குப் பதில் தராத, ஆடிட்டரும் கேட்காத லெட்ஜர் தேவையில்லை. உங்கள் அளவுக்கு நாற்பது லெட்ஜர் போதும். என்னிடம் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் நூறைத் தாண்டியிருக்கும், அதில் பாதியில் வருடத்துக்கு ஒரு பதிவுகூட இருக்காது.

எலும்புக்கூடு இப்படி வரும்:

```
1000 சொத்து
  1010 ரொக்கம்          1020 வங்கி
  1110 கடைகள் தர வேண்டியது
  1210 மூலப்பொருள் இருப்பு  1220 தயார் சரக்கு
  1310 உள்ளீட்டு வரி
  1510 இயந்திரம்         1520 மேஜை, அலமாரி
2000 கடன்
  2010 சப்ளையருக்குத் தர வேண்டியது
  2110 வெளியீட்டு வரி     2310 வண்டிக் கடன்
3000 முதல்
  3010 போட்ட முதல்       3020 வீட்டுக்கு எடுத்தது
4000 விற்பனை
  4010 கடைகளுக்கு       4020 வாசலில்
5000 தயாரிப்புச் செலவு
  5010 மாவு, பருப்பு      5020 எண்ணெய்
  5030 பாக்கெட், லேபிள்
  5110 கேஸ்            5120 கூலி
6000 நடத்தும் செலவு
  6010 வாடகை          6110 டெலிவரி பெட்ரோல்
```

முதல் இலக்கம் அந்தக் கணக்கு எந்த அறிக்கையில் எங்கே உட்காரும் என்று சொல்லும். 1, 2, 3 இருப்புநிலைக் குறிப்புக்குப் போகும். 4, 5, 6 லாப நட்டத்துக்கு. இரண்டாவது இலக்கம் உள்குழு. 50 என்று தொடங்கினால் பொருள், 51 என்றால் அதைப் பக்குவப்படுத்தும் செலவு. கடைசி இரண்டும் வரிசைக்குத்தான். பத்துப் பத்தாகத் தாவியிருப்பது வேண்டுமென்றே. நாளைக்குக் கடலை எண்ணெயையும் பாமாயிலையும் தனியாகப் பார்க்க நினைத்தால் 5025 காலியாக இருக்கும், எதையும் இடம் மாற்ற வேண்டாம்.

கோவை, பி.காம். மாணவி: 5, 6 இரண்டுமே செலவுதானே மேடம்? ஏன் பிரிக்கணும்?

இந்தப் பட்டியலில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே கோடு அதுதான். கணக்குப் போட்டே காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு.

முதல் மாதம் விற்பனை ரூ.4,20,000. மாவு, பருப்பு 1,05,000, எண்ணெய் 84,000, பாக்கெட் 33,600, கேஸ் 21,000, கூலி 63,000. 5000 குழு மொத்தம் 3,06,600. மொத்த லாபம் 1,13,400, அதாவது விற்பனையில் 27 சதவீதம்.

அடுத்த மாதம் விற்பனை 4,00,000. மாவு 1,00,000, எண்ணெய் 96,000, பாக்கெட் 32,000, கேஸ் 20,000, கூலி 60,000. மொத்தம் 3,08,000. லாபம் 92,000, அதாவது 23 சதவீதம்.

நான்கு சதவீதம் எங்கே போனது? மாவு இரண்டு மாதமும் 25 சதவீதம், பாக்கெட் 8, கேஸ் 5, கூலி 15. எதுவும் அசையவில்லை. எண்ணெய் மட்டும் 20 சதவீதத்திலிருந்து 24க்கு ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் 'கொள்முதல்' என்று ஒரே லெட்ஜரில் போட்டிருந்தால் லாபம் குறைந்தது தெரியும், எதனால் என்று தெரியாது. வாடகையையும் இதற்குள் கலந்திருந்தால் இன்னும் மோசம். வாடகை மாதாமாதம் அதே தொகை. விற்பனை குறையும் மாதத்தில் அதன் சதவீதம் தானாகவே ஏறி உங்களைக் குழப்பும்.

டாலியில் 5010 முதல் 5030 வரை `Purchase Accounts` கீழே வையுங்கள், 5110, 5120 இரண்டையும் `Direct Expenses` கீழே. 6000 வரிசை முழுக்க `Indirect Expenses`. கூலியைத் தவறுதலாக மூன்றாவதில் போட்டுவிட்டால் நிகர லாபம் சரியாகத்தான் வரும், மொத்த லாபம் மட்டும் பொய் சொல்லும். நிகர லாபம் சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மதுரை, மளிகை மொத்த வியாபாரி: எண்ணெய் ஏறியிருக்குன்னா பையன் டின்னை வெளியே விக்கிறான்னு அர்த்தம். எனக்கு நடந்திருக்கு.

இருக்கலாம் அண்ணாச்சி, ஆனால் அதற்கு முன் இருப்பைப் பாருங்கள். மாதக் கடைசியில் விலை ஏறப்போகிறது என்று எட்டு டின் வாங்கி வைத்திருந்தால்? அது ரூ.16,000 பெறும் என்றால், செலவான எண்ணெய் 80,000தான். சதவீதம் பழையபடி 20. வாங்கியது வேறு, செலவானது வேறு. 1210 என்ற கணக்கு இருப்பதே இதற்குத்தான். மாதக் கடைசி இரவு டின்னை எண்ணி எழுதாவிட்டால் அந்தக் கணக்கு வெறும் அலங்காரம்.

இருப்பைக் கழித்தும் 24 வந்தால், விலை ஏறியதா, அளவு ஏறியதா என்று பார்க்க வேண்டும். அதை லெட்ஜர் சொல்லாது, அதில் இருப்பது ரூபாய் மட்டும். சரக்குப் பதிவில் கிலோக் கணக்கு இருந்தால்தான் உங்கள் பையனைப் பற்றிப் பேச முடியும்.

சேலத்திலிருந்து: நான் ஒவ்வொரு சரக்குக்கும் தனி விற்பனை லெட்ஜர் வச்சிருக்கேன். கைமுறுக்கு, தேன்குழல், காராசேவு... அப்பதான் எது ஓடுதுன்னு தெரியுது. இது சரிதானே?

தெரிந்துகொள்ள நினைப்பது சரி, வைத்த இடம்தான் சரியில்லை. கணக்குத் தலைப்பு பணத்தின் தன்மையைச் சொல்ல வேண்டும். எந்தச் சரக்கு என்பதைச் சரக்குப் பட்டியலும், எந்தக் கிளை என்பதை `Cost Centre`-உம், எந்தக் கடைக்காரர் என்பதை `Sundry Debtors` கீழே உள்ள அவர் பெயரும் சொல்லட்டும். மூன்றையும் தலைப்பிலேயே அடைத்தால், பத்துச் சரக்கு, இரண்டு கிளை, இரண்டு விற்பனை வழி என்று நாற்பது லெட்ஜர் ஆகிவிடும். புதுசாக ஓமப்பொடி போட்டால் இன்னும் நான்கு.

வரி விகிதத்தைப் பெயரில் வைப்பதும் இதே கதை. பாக்கெட் போட்ட மிக்சர் வகைக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. 'விற்பனை 12%' என்று லெட்ஜர் வைத்திருந்தவர்கள் ஆண்டு நடுவில் அதைக் கைவிட்டுப் புதுசு திறந்தார்கள். இப்போது ஒரே சரக்கின் ஆண்டு விற்பனையைப் பார்க்க இரண்டு லெட்ஜரைக் கூட்ட வேண்டும். விகிதம் சரக்கோடு இருக்கட்டும்.

ஆனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி மூன்றையும் உள்ளீடு, வெளியீடு என்று ஆறாகப் பிரிப்பது கட்டாயம். எதை எதற்கு எதிராகக் கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரிசை உண்டு. சிஜிஎஸ்டி வரவை எஸ்ஜிஎஸ்டிக்குக் கழிக்க முடியாது. மேலே இடம் கருதி உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று என்று சுருக்கியிருக்கிறேன்.

பெயர் சொல்லாதவர்: கணக்கு எண் புதுசா வாங்க பேங்க்ல என்ன ஆவணம் கேட்பாங்க?

இங்கே பேசுவது வங்கிக் கணக்கு எண்ணைப் பற்றி இல்லைங்க. ஆனால் ஒன்று: தொழிலுக்குத் தனி நடப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே உள்ள 3020 மாதம் ஐம்பது பதிவாக வீங்கும்.

தஞ்சாவூர், ஹோட்டல் வைத்திருப்பவர்: நான் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கேன். இந்தப் பட்டியல் எனக்கும் பொருந்துமா?

1310, 2110 இரண்டும் உங்களுக்கு அப்படியே வேண்டாம். உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, அதனால் எண்ணெய் பில்லில் உள்ள வரி எண்ணெயின் விலையோடு 5020க்கே போகும். வாடிக்கையாளரிடமும் வரி வாங்க முடியாது; நீங்கள் கட்டுவது உங்கள் கைக்காசு. அதற்கு 6000 வரிசையில் ஒரு செலவுத் தலைப்பும், கட்டும் வரை நிற்க 2000 வரிசையில் ஒன்றும் போதும். சாதாரண முறையில் இருக்கும் கடையோடு உங்கள் எண்ணெய்ச் சதவீதத்தை ஒப்பிடாதீர்கள், உங்களுடையதில் வரியும் சேர்ந்திருக்கிறது.

ஈரோடு, இருபது வருடக் கணக்காளர்: டாலியில் 28 குழு தயாராகவே வருது. இந்தியாவில் எண் கட்டாயமும் இல்லை. எதுக்கு இந்த நான்கு இலக்கச் சடங்கு?

பாதி ஒத்துக்கொள்கிறேன். பிரான்சில் 6 என்றால் செலவு, 7 என்றால் வருமானம் என்று விதியே உண்டு. நமக்கு அப்படி எதுவும் இல்லை. நீங்கள் ஒருவரே கடைசிவரை டாலியில் எழுதப்போகிறீர்கள் என்றால் எண் இல்லாமல் காலம் ஓடும். ஆனால் பதிவு போட இரண்டாவது ஆள் வரும்போது 'பெட்ரோல்', 'பெட்ரோல் செலவு', 'வண்டி பெட்ரோல்' என்று மூன்று லெட்ஜர் முளைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். `Alias` இடத்தில் 6110 என்று கொடுத்துவிட்டால் அந்த எண்ணை அடித்தாலே லெட்ஜர் வந்து நிற்கும், புதுசு திறக்கும் கை கொஞ்சம் தயங்கும். வேறு மென்பொருளுக்கு மாறினாலும் எண்ணை வைத்துப் பொருத்துவது சுலபம்.

அதே ஈரோட்டுக்காரர்: சரி, இன்னொன்று. காலையில் மாவு பிசைந்து மாலையில் கல்லாவில் உட்காரும் ஆள் சம்பளம் 5120ஆ, 6000 வரிசையா?

இதில் நானும் ஆடிட்டர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நேரத்தை வைத்துப் பிரிப்பதுதான் முறை, ஆனால் யாரும் நேரம் குறித்து வைப்பதில்லை. தோராயமாகப் பிரித்தால் மாதத்துக்கு மாதம் கை மாறும். அதிக நேரம் எங்கே நிற்கிறாரோ அங்கேயே முழுச் சம்பளத்தையும் போட்டு, வருடம் முழுக்க மாற்றாமல் விடுவது என் வழக்கம். நீங்கள் வேறு மாதிரி செய்தால் சொல்லுங்கள்.

திருச்சிக்காரர் மறுபடியும்: அக்கா, ஏற்கெனவே இரண்டு மாதம் எல்லாத்தையும் 'கொள்முதல்'ன்னே போட்டுட்டேன். அழிச்சிட்டுத் திரும்பப் போடவா?

அழிக்க வேண்டாம், பதிவு உள்ள லெட்ஜரை டாலியும் அழிக்க விடாது. பழைய லெட்ஜரின் பெயரை '5010 மாவு, பருப்பு' என்று மாற்றுங்கள், பழைய பதிவுகளிலும் பெயர் தானாக மாறும். அப்புறம் எண்ணெய், பாக்கெட் பில்களை மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் லெட்ஜரை 5020, 5030 என்று திருத்துங்கள். தொடங்கும் முன் பேக்கப் எடுத்து, இரண்டு மாதக் கொள்முதல் மொத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் மூன்று லெட்ஜரின் கூட்டுத்தொகை அதே எண்ணாக வர வேண்டும். தாக்கல் செய்த ஜிஎஸ்டி படிவத்தை இது தொடாது, தேதியையும் வரித் தொகையையும் மட்டும் மாற்றாமல் இருங்கள்.